கூட்டல் சாரின் காற்புள்ளி

கூட்டல் சார் ஒரு பெண்பிள்ளையை மூன்று மணி நேரம் நிற்க வைத்து மயக்கம் போட வைத்துவிட்டார் என்று எனக்கு முதலில் சொன்னவர் முடிவெட்டுபவர். அப்போது அவருடைய கத்தி என் கழுத்தில் இருந்தது. அதனால் உடனே நம்பினேன்.

பால் வாங்கப் போன இடத்தில் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காய்கறிக்கடைக்கு வருவதற்குள் ஒரு பெண் இரண்டு பெண்களாகியிருந்தாள். துணி தேய்ப்பவர் மட்டும் சூடாகவே சொன்னார்: பீஸ் கட்டாததற்காக அந்தப் பிள்ளையின் டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டாராம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ட்யூஷன் சென்டரில் டி.சி. ஏது? வதந்தி கை கால் முளைத்து நடக்கும்வரை நம்பலாம். அது வேட்டி கட்டிக்கொண்டு கையெழுத்தும் போட ஆரம்பித்தால் விசாரிக்கத்தான் வேண்டும்.

விசாரித்தேன். வதந்தி பொய். உண்மை அதைவிட மோசம். அதைச் சொல்லத்தான் இது.

கூட்டல் சாரின் சென்டர் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. பதினேழு படி. மேலே ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. பெரிய அறையில் பன்னிரண்டு பெஞ்சு; பெஞ்சுக்கு இரண்டு பேர் என்றால் இருபத்துநாலு பேர். பதின்மூன்றாவது பெஞ்சு போட்டால் கதவு திறக்காது. சின்ன அறையில் எட்டு பெஞ்சு. கீழே இருமல் மருந்து விற்கும் சத்தமும் மேலே வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தமும் படிக்கட்டில் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது கணக்கு நடத்துவதால் அல்ல. அவர் நடத்துவது ஆங்கிலம். எதைப் பார்த்தாலும் கூட்டிவிடுவார் என்பதால் வந்தது. பேருந்தில் ஏறினால் எத்தனை தலை, நடத்துனருக்கு எவ்வளவு வசூல் என்று உதடு அசையும். கல்யாண வீட்டில் இலையை எண்ணுவார். ஒருமுறை இறுதிச் சடங்கில் நாற்காலி எண்ணி, வாடகை அதிகம் என்று துக்க வீட்டாரிடம் சொல்லி ஏச்சு வாங்கினார்.

பதினொரு வருடத்துக்கு முன்பு அவர் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர். ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் தேதி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். அதிலுள்ள பெயர்களைப் படிக்க வேண்டும். படிக்கப்பட்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும். பீஸ் எப்போது கட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அதை ஆறு வருடம் செய்தார். ஏழாம் வருடம் ஒரு நாள் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் போகவில்லை. ட்யூஷன் ஆரம்பித்த அன்று மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்: என் இடத்தில் பீஸுக்காக ஒரு பிள்ளையும் நிற்காது.

இந்த வாக்கியம்தான் அவருடைய சொத்து. வாடகை உயரும், டீச்சர் சம்பளம் உயரும், இந்த வாக்கியம் மட்டும் பதினொரு வருடமாக அதே விலையில் இருந்தது. பெற்றோர் பிள்ளையைச் சேர்க்க வந்தால் இதைத்தான் முதலில் சொல்வார். "இதுவரைக்கும் ஒரு பிள்ளைகிட்டயும் நான் பீஸ் கேட்டதில்லை" என்பார். அது உண்மை. வக்கீலிடம் காட்டினால்கூட உண்மை என்றுதான் சொல்வார்.

இனி கணக்கு. கணக்கு இல்லாமல் இந்த மனிதரைச் சொல்வது உப்பில்லாமல் சமைப்பது மாதிரி.

எட்டாம் வகுப்பில் பதினைந்து பேர், ஆளுக்கு எண்ணூறு. ஒன்பதில் பதினெட்டுப் பேர், ஆளுக்கு ஆயிரம். பத்தாம் வகுப்பில் பதினாலு பேர் ஒரு பேட்ச், பதின்மூன்று பேர் இன்னொரு பேட்ச், ஆளுக்கு ஆயிரத்து இருநூறு. ஆக அறுபது பிள்ளைகள், மாதம் அறுபத்து இரண்டாயிரத்து நானூறு. இது காகிதத்தில்.

செலவு: வாடகை பதினாலாயிரம். கரண்ட் இரண்டாயிரத்து அறுநூறு. வினாத்தாள் நகல் இரண்டாயிரத்து நானூறு. பெருக்குகிற அம்மாவுக்கும் குடிதண்ணீருக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு. டீச்சர்களுக்கு வகுப்புக்கு முந்நூற்று ஐம்பது. கணக்கு டீச்சர் ஒரு பேட்சுக்கு மாதம் பன்னிரண்டு வகுப்பு, சயன்ஸ் சார் எட்டு வகுப்பு; நாலு பேட்சுக்கும் சேர்த்து இருவருக்கும் இருபத்தெட்டாயிரம். சனிக்கிழமை ஆங்கிலம் சாரே எடுப்பார், அதற்குச் சம்பளம் கிடையாது. முதலாளிக்கு யார் சம்பளம் கொடுப்பது? மொத்தம் நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

மீதி பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று நீங்கள் கழித்திருந்தால், நீங்கள் ட்யூஷன் நடத்தியதில்லை. மாதாமாதம் பத்துப் பேராவது கட்டமாட்டார்கள். அதில் ஏறக்குறைய பத்தாயிரம் போய்விடும். கையில் நிற்பது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். வீடு ஓடுவது அவருடைய மனைவி ஓர் அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் சம்பளத்தில்.

இந்த நிலையில்தான் அந்த மாதம் ஐந்தாம் தேதி, மருந்துக்கடைக்காரர் (கட்டடமும் அவருடையதுதான்) மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, அடுத்த மாதத்திலிருந்து வாடகையில் மூவாயிரம் கூட என்றார். சார் பதினேழு படி ஏறுவதற்குள் கூட்டிவிட்டார். நூறு துண்டு விழும். பதினொரு வருட உழைப்புக்குப் பிறகு, மாதம் நூறு கொடுத்து வேலை பார்க்க வேண்டும்.

அடுத்த இரண்டு நாள் அவர் நோட்டும் கையுமாக இருந்தார் என்று மனைவி சொன்னார். பீஸை ஏற்றினால் எதிர்த் தெருவில் ஏ.சி. போட்ட சென்டர் இருக்கிறது. டீச்சர் சம்பளத்தைக் குறைத்தால் டீச்சரும் அங்கேதான் போவார். மிச்சமிருந்த ஒரே வழி, பத்தாம் வகுப்பின் இரண்டு பேட்சையும் ஒன்றாக்குவது. இருபது வகுப்பு மிச்சம், ஏழாயிரம் மிச்சம். துண்டு விழுவது போய் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் கையில் நிற்கும்.

ஒரே ஒரு சிக்கல். இரண்டும் சேர்ந்தால் இருபத்தேழு பேர். பெரிய அறையில் இருபத்துநாலு இடம்.

சார் வருகைப் பதிவேட்டை எடுத்தார். மூன்று மாதத்தையும் நாள் நாளாகக் கூட்டினார். ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு இரண்டு பேட்சும் சேர்ந்து இருபத்துநாலைத் தாண்டியதே இல்லை. நோட்டில் எழுதினார்: முதல் பன்னிரண்டு நாள், கீழேயிருந்து மூன்று ஸ்டூல் இரவல், வாசலை ஒட்டிப் போடுவது. பிறகு வேண்டாம்.

ஏன் வேண்டாம்? அங்கேதான் காற்புள்ளி வருகிறது.

சார் பிள்ளைகளிடம் பீஸ் கேட்பதில்லை என்றேன் அல்லவா? பத்தாம் தேதிக்குள் கட்டாதவர்களின் பெயருக்குப் பின்னால் பதிவேட்டில் சின்னதாக ஒரு காற்புள்ளி போடுவார். தனக்கு அடையாளம் தெரிவதற்காக. ஆனால் ஆங்கில வாத்தியார். காற்புள்ளியைப் பார்த்தால் நிறுத்தாமல் படிக்க அவருக்கு வராது. ஆஜர் எடுக்கும்போது மற்ற பெயர்கள் கடகடவென்று ஓடும். அந்தப் பெயர் வந்ததும் ஒரு மூச்சு நிற்கும். அவ்வளவுதான். முறைப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை. ஒரே ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் எல்லாத் தலையும் திரும்பும்.

பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். "இந்த மாசம் உனக்குக் கமாவாடா?" என்று கேட்டுக்கொள்வார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கமா உறைக்காது. கமாவோடு வந்து பெஞ்சில் தூங்கிவிட்டுப் போவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உறைக்கும். இரண்டு நாள் கேட்பார்கள். மூன்றாம் நாள் வரமாட்டார்கள். அப்பாவுக்குச் சம்பளம் வந்து, பீஸ் கட்டி, கமா அழிந்த பிறகு வருவார்கள்.

ஆக சாருடைய திட்டம் இதுதான்: இருபத்தேழு பேரிடம் பீஸ் எதிர்பார்ப்பது, இருபத்துநாலு பேருக்கு இடம் வைப்பது, மிச்ச மூன்று பேரை வெட்கம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. நோட்டில் அவர் அப்படி எழுதவில்லை. 'சராசரி வருகை 24' என்று எழுதியிருந்தார். எண்ணாக எழுதினால் எதுவும் மானமாகத்தான் தெரியும்.

பதினொன்றாம் தேதி பேட்சுகள் சேர்ந்தன. அந்த மாதம் பத்தாம் வகுப்பில் மூன்று கமா. திட்டம் போட்டது போலவே பதின்மூன்றாம் தேதிக்குள் மூவரும் நின்றுவிட்டார்கள். அதில் தையல்காரம்மாவின் மகள் முதல் நாளே நின்றுவிட்டாள். ரோஷக்காரி.

இருபத்தைந்தாம் தேதி கணக்கில் மாதிரித் தேர்வு. கணக்கு டீச்சருக்கு இந்த ஸ்டூல் அரசியல் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேட்சுகளைச் சேர்த்ததில் தன்னுடைய மாதச் சம்பளத்தில் நாலாயிரத்து இருநூறு போய்விட்டது, திருத்தும் தாள் மட்டும் குறையவில்லை என்பதுதான். ஆனாலும் பொதுத்தேர்வுக்கு முன் இது கடைசி மாதிரித் தேர்வு என்பதால், வராதவர்களுக்குத் தானே போன் போட்டு, யாராக இருந்தாலும் வந்து எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இருபத்தேழு பேரும் வந்தார்கள்.

சின்ன அறையில் அன்றைக்கு எட்டாம் வகுப்புக்குத் தேர்வு. அங்கே பெஞ்சு காலியில்லை. பெரிய அறையில் ஒரு பெஞ்சில் மூன்றாவது ஆளை உட்கார வைத்தால் அது தேர்வாக இருக்காது, கூட்டுறவுச் சங்கமாக இருக்கும். மூன்று பேர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார்கள். எந்த மூன்று பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. தாமதமாக வந்தவர்கள்; தயங்கித் தயங்கிப் படியேறினால் தாமதமாகத்தான் ஆகும்.

சார் ஆஜர் புத்தகத்தோடு உள்ளே வந்தார். மூன்று பேர் நிற்பதைப் பார்த்தார். அந்தக் கணத்திலேயே கீழே ஓடி ஸ்டூல் வாங்கி வந்திருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. திட்டம் தப்பாகிவிட்டது என்ற பதற்றத்தில், எப்போதும் செய்வதைச் செய்தார். ஆஜர் எடுத்தார்.

தையல்காரம்மாவின் மகள் பெயர் வந்தது. மூச்சு நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் சொன்னது:

"இடம் இல்லைன்னா கமாவுலயே உக்காரச் சொல்லுங்க சார்."

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்புதான். அந்தப் பெண் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"எங்கம்மா முழுசாக் கட்டிட்டாங்க சார்."

"கட்டியிருந்தா கமா இருக்காதேம்மா" என்றார் சார்.

கணக்கு டீச்சர் என்னிடம் சொன்னார்: "அதுவரைக்கும் அவருக்கு அந்த வார்த்தை தெரியாதுன்னுதான் பசங்க நெனச்சிட்டு இருந்தாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

பதினொரு வருடச் சொத்து ஒரே வாக்கியத்தில் போயிற்று. பீஸ் கேட்காதவர், கேட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும், நிற்கிற பிள்ளையிடம்.

அந்தப் பெண் மயங்கி விழவில்லை. அழவும் இல்லை. பையைக் கீழே வைத்து, சுவரில் சாய்ந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். மற்ற இருவரும் அவளைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரமும் நின்றுகொண்டிருந்தது கூட்டல் சார் மட்டும்தான். வதந்தியில் நின்ற ஆள் மாறிப்போனது அப்படித்தான்.

மறுநாள் மாலை நாலு மணிக்குத் தையல்காரம்மா வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. போட்டது போட்டபடி வந்திருக்கிறார். மகள் இரண்டு வாரமாக ட்யூஷனுக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்றே முந்தின நாள்வரை நினைத்திருந்தார். தினமும் ஐந்தரை மணிக்குப் பையோடு கிளம்பியிருக்கிறாள். பதினோராவது படியில் உட்கார்ந்துகொள்வாளாம். அங்கிருந்தால் மேலே நடத்துவது கேட்கும், மேலேயிருப்பவர்களுக்கு ஆள் தெரியாது. மருந்துக்கடைக்காரர் தினமும் பார்த்திருக்கிறார். தம்பியை அழைத்துப் போக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாராம். அவளுக்குத் தம்பியே கிடையாது.

தையல்காரம்மா சத்தம் போடவில்லை. அது சாருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஆறாந்தேதி அறுநூறு உங்க வீட்டம்மா கையில குடுத்தேன். ஒம்பதாந்தேதி காலையில மீதி அறுநூறு கொண்டுவந்தேன். மேல பூட்டியிருந்துச்சு. கீழ மருந்துக்கடை அண்ணன்கிட்ட குடுத்து, சார்கிட்ட சேத்துடுங்கன்னு சொன்னேன். அவர் சேக்கலியா?"

தையல்காரம்மா, சார், அன்று லீவு போட்டு வந்திருந்த சாருடைய மனைவி என்று எல்லோரும் பதினேழு படி இறங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சமும் அசராமல் சொன்னார்:

"சேத்துட்டேனேம்மா. வாத்தியார் எனக்குப் போன மாச வாடகையில நாலாயிரம் பாக்கி. கையில வந்ததை எதுக்கு மேல ஏத்தி மறுபடி கீழ இறக்கணும்னு, அந்த அறுநூறை அதுல கழிச்சுட்டேன். சீட்டுலகூட எழுதிக் குடுத்தேனே. ஏன் வாத்தியாரே, நீங்க பாக்கலையா?"

சார் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் தோண்டியிருக்கமாட்டார்கள். தவறு மருந்துக்கடைக்காரர் மேல் விழுந்திருக்கும். சொல்லாமல் கழித்தது அவர்தானே. சாருடைய மனைவி என்னிடம் சொன்னார், அவர் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது நெஞ்சுவலி வந்துவிட்டது என்று பயந்தேன் என்று.

"பாத்தேன்" என்றார் சார்.

பன்னிரண்டாம் தேதி அவர் வாடகை கொடுக்கப் போயிருந்தார். மருந்துக்கடைக்காரர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்த சீட்டில், பழைய பாக்கி மூவாயிரத்து நானூறு என்று இருந்தது. நாலாயிரம் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் இலை எண்ணுகிறவர், சாவு வீட்டில் நாற்காலி எண்ணுகிறவர், அறுநூறு குறைவதைக் கவனிக்காமல் இருப்பாரா? கவனித்தார். மருந்துக்கடைக்காரர் தப்பாகக் கழித்துவிட்டார் என்று நினைத்தார். மூவாயிரம் ஏற்றுகிறவனுக்கு அறுநூறு நஷ்டம் வந்தால் என்ன என்றும் நினைத்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாக மேலே ஏறினார்.

அவர் தாண்டிய படிகளில் பதினோராவது படியும் உண்டு. ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்தப் பெண் எழுந்து ஒதுங்கி வழிவிட்டாளாம். அவர் கூட்டிக்கொண்டே போனதில் யார் என்று பார்க்கவில்லை.

இவ்வளவையும் என்னிடம் சொன்னது அவரேதான். நான் கேட்டது வேறு. மயக்கம் போட்டாளா, மூன்று மணி நேரமா, டி.சி. உண்டா என்று கேட்டேன். வதந்தி பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கு உதவியாக இருக்கும் என்று, கொஞ்சம் பெருந்தன்மையாகவே போயிருந்தேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார்.

"நீங்க அது பொய்னு எழுதினா, எனக்கு நல்ல பேரு வந்துடும். அது வேணாம். நடந்ததை எழுதுங்க."

"நடந்தது இதைவிடக் கேவலமா இருக்கே சார்" என்றேன்.

"அதான் சொல்றேன்."

பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

வதந்தியால் பத்தாம் வகுப்பில் ஏழு பேர் எதிர்த் தெரு ஏ.சி.க்குப் போய்விட்டார்கள். ஏழு பேரும் ஒழுங்காகப் பீஸ் கட்டுகிறவர்கள். கட்டாதவர்கள் அவ்வளவு சுலபமாகப் போகமுடியாது; போனால் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். இப்போது பெரிய அறையில் இருபது பேர், இருபத்துநாலு இடம். கணக்கு டீச்சர் சாக்பீஸை உடைத்துக்கொண்டே சொன்னாராம்: "பேட்ச் பிளான் இப்பதான் சார் கரெக்டா வருது." அவரும் போயிருக்கலாம். ஏ.சி.யில் வகுப்புக்கு ஐந்நூறு தருகிறார்கள். பொதுத்தேர்வு முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன என்று சார் கேட்கவில்லை.

வரவில் எட்டாயிரத்து நானூறு போனது. டீச்சர் சம்பளத்தில் ஏழாயிரம் மிச்சம். வாடகையில் மூவாயிரம் கூட. கூட்டிக் கழித்தால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு துண்டு. மருந்துக்கடைக்காரருக்கும் எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். ஏற்றியதில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். ஆக, வரவும் செலவும் சரியாக இருக்கிறது. மீதி சைபர். சைபரை எத்தனை தடவை கூட்டினாலும் சைபர்தான் என்றாலும், சார் தினமும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறார்.

காற்புள்ளிகளை அழிப்பான் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டார். தாள் சில இடத்தில் ஓட்டையாகிவிட்டது. ஆனால் பதினொரு வருடப் பழக்கம் அழிப்பானுக்குக் கட்டுப்படவில்லை. யார் கட்டவில்லை என்பது மனசில் இருக்கிறது. அந்தப் பெயர் வந்தால் தொண்டை தானாக நிற்கிறது. அதனால் இப்போது எல்லாப் பெயருக்குப் பிறகும் நிறுத்துகிறார். இருபது பெயர் படிக்க முன்பு அரை நிமிடம் ஆகும். இப்போது இரண்டு நிமிடம். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். தையல்காரம்மாவின் மகள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயர் வந்ததும், அவர் மூச்சு விடுவதற்கு முன்பே "உள்ளேன்" என்று சொல்லிவிடுகிறாள்.

மாதிரித் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்டேன். நன்றாகத்தான் வாங்கியிருக்கிறாள். முதலாவது அல்ல. படியில் கேட்டதில் படம் போட்டு நடத்திய பாடம் மட்டும் புரியவில்லையாம். வடிவியலில் எட்டு மார்க் போய்விட்டது.

அந்த எட்டு மார்க்கை என்ன செய்வது என்று சாருக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார், கூட்டினார். மாதம் இருபத்துநாலு வகுப்பு, பீஸ் ஆயிரத்து இருநூறு, வகுப்புக்கு ஐம்பது. பதினொன்றிலிருந்து இருபத்துநாலு வரை அவள் இழந்தது பன்னிரண்டு வகுப்பு. பன்னிரண்டு ஐம்பது அறுநூறு. விடை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறு எந்த எண் வந்திருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மனைவியிடம் அறுநூறு வாங்கி, உறையில் போட்டு, தையல்கடைக்கு எடுத்துப் போனார். அந்தம்மா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தவில்லை.

"கிளாஸ் நடந்துச்சுல்ல?"

"நடந்துச்சும்மா."

"அவ கேட்டாள்ல?"

"படியில உக்காந்து…"

"அப்ப பீஸ் பீஸ்தான். உங்க காசை நீங்க வச்சுக்குங்க. என்கிட்ட இதைக் குடுத்துட்டு நீங்க நிம்மதியாப் போயிடலாம்னு பாக்கறீங்க." காலர் திரும்பும் இடத்தில் மெஷின் மெதுவானது. "அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் சார்."

சார் உறையோடு திரும்பி வந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மாதச் செலவில் கலந்துவிடும். சென்டரில் வைத்தால் கரண்ட் பில்லுக்குப் போய்விடும். அவருக்கு அவரைத் தெரியும். கீழே மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து, தையல்காரம்மா கேட்டால் கொடுங்கள் என்றார்.

"வாடகையில கழிச்சிடட்டா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். சார் சிரிக்கவில்லை. கடைக்காரர் உறையைக் கல்லாவில் போடாமல், காலாவதியான மருந்துகளைத் தனியாக எடுத்துவைக்கும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

நேற்று தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது அந்த உறை இருக்கிறதா என்று விசாரித்தேன். இருந்தது. தையல்காரம்மா அன்று காலையில்தான் வந்து காய்ச்சல் மருந்து வாங்கிப் போனாராம். எழுபது ரூபாய் ஆகியிருக்கிறது. உறையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"அது இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு, சில்லறையை எண்ணிக் கொடுத்திருக்கிறார் அந்தம்மா.